பாதியில் நின்ற வாக்கியத்தைப் பாதியாகவே சொல்வது எப்படி?

சாட்சி தமிழில் பேசிக்கொண்டிருக்கிறார். "நான் அவனுக்குப் பணம்—" என்று வாயெடுக்கும்போதே வழக்கறிஞர் குறுக்கே புகுந்து ஆங்கிலத்தில் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து பேச்சை மொழிபெயர்க்கிற நீங்கள் இப்போது ஆங்கிலத்தில் என்ன சொல்வீர்கள்?

நான் பயிற்சியில் பார்த்த புதியவர்கள் பலர் "நான் அவனுக்குப் பணம் கொடுத்தேன்" என்று முடித்துச் சொல்லிவிடுகிறார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆங்கிலத்தில் 'நான்' என்றதுமே அடுத்து வினைச்சொல் வந்தாக வேண்டும், வாய் அதைத் தேடுகிறது, கைக்கு எட்டுகிற முதல் வினை 'கொடுத்தேன்', அது வந்து விழுந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சாட்சி 'கொடுக்கவில்லை' என்று சொல்ல வந்திருக்கலாம், 'கொடுக்க வேண்டியிருந்தது' என்றிருக்கலாம், 'கொடுத்ததாக எல்லாரும் சொல்கிறார்கள்' என்றும் இருக்கலாம். அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் நீங்கள் வைத்துவிட்டீர்கள், அது அவருக்கே தெரியாது, ஏனென்றால் அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால்தானே நீங்கள் அங்கே இருக்கிறீர்கள்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கணத்தைப் பற்றியது மட்டும்தான். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில், ஒருவர் பேசி நிறுத்தியதும் மற்றவருக்குச் சொல்கிற வேலையை வைத்துத்தான் பெரும்பாலும் எழுதுகிறேன். நீதிமன்றம், மருத்துவமனை, விசாரணை அறை என்று இடம் மாறினாலும் சிக்கல் ஒன்றுதான். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கூடவே பேசுகிற வேலையைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் வரும்.

பேச்சு ஏன் நின்றது?

வாக்கியம் பாதியில் நின்றதும் முதலில் கவனிக்க வேண்டியது அது எதனால் நின்றது என்பதை. அரை விநாடியில் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றையும் வேறு வேறு மாதிரி சொல்ல வேண்டும்.

அடுத்தவர் குறுக்கே பேசி வெட்டியிருக்கலாம். பேசியவரே இழுத்து, தயங்கி, விட்டிருக்கலாம். பேசியவர் தன்னைத்தானே திருத்திக்கொண்டு வேறு வாக்கியத்துக்குத் தாவியிருக்கலாம், "நான் காலையில, இல்லை, மதியம்தான் போனேன்" என்பது போல. கடைசியாக, அவர் முழுசாகத்தான் சொன்னார், உங்களுக்குத்தான் கேட்கவில்லை என்றும் இருக்கலாம். யாரோ இருமினார்கள், வீடியோ அழைப்பில் ஒலி விட்டுப்போனது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

இதில் கடைசி வகையைத் தயவுசெய்து தனியாக வையுங்கள். 'அவர் சொல்லவில்லை' என்பதும் 'எனக்குக் கேட்கவில்லை' என்பதும் இரண்டு வேறு செய்திகள். கேட்காமல் போன இடத்தை வெட்டுப்பட்ட வாக்கியம் போலத் தொங்கவிட்டால், அந்தப் பக்கம் கேட்கிறவர் "இவர் பதில் சொல்ல முடியாமல் நிறுத்திவிட்டார்" என்று நினைத்துக்கொள்வார். அந்த மனிதரோ தெளிவாகப் பதில் சொல்லியிருப்பார். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே சொல்லுங்கள்: "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன், கடைசிப் பகுதி எனக்குக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லச் சொல்லலாமா?" என்று கேட்டு, அனுமதி கிடைத்ததும் கேட்டு வாங்குங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

தானாக இழுத்து விட்டதை இழுத்தே சொல்ல வேண்டும், தயக்கத்தோடு. அதுவும் ஒரு பதில்தான். தன்னைத் திருத்திக்கொண்டால் முதலில் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், 'காலையில' என்பதை நீங்கள் துடைத்துவிடக் கூடாது. மீதி இருப்பது முதல் வகை, அடுத்தவர் வெட்டியது. அதுதான் கஷ்டமானது.

வேலை தொடங்கும் முன்னால் இரண்டு நிமிடம்

முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதிச் சிக்கல் குறையும். தொடங்கும் முன் இரண்டு தரப்பிடமும் அவரவர் மொழியில் இப்படிச் சொல்லுங்கள்: "ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசினால், முதலில் பேசியவர் எதுவரை சொன்னாரோ அதுவரை சொல்வேன். மீதியை நானாக முடிக்க மாட்டேன். அதற்குப் பிறகுதான் அடுத்தவர் பேசியதைச் சொல்வேன். நான் கையை உயர்த்தினால் ஒரு கணம் நிறுத்துங்கள்." இவ்வளவு போதும். நீதிமன்றம் என்றால் இதை நீதிபதியிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே பேச்சை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருடையது, உங்களுடையது இல்லை.

கையை உயர்த்துவது மரியாதைக் குறைவோ என்று சிலர் தயங்குகிறார்கள். 1945-ல் தொடங்கிய நியூரம்பெர்க் விசாரணையிலேயே மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதற்கென்று விளக்கு வைத்திருந்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்தால் பேசுகிறவர் வேகத்தைக் குறைக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். அங்கே பேசப்பட்ட ஜெர்மன் மொழியிலும் வினைச்சொல் பல நேரம் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும், ஆக வினைக்காகக் காத்திருக்கிற நம் கஷ்டம் அவர்களுக்கும் இருந்தது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு: முற்று வராமல் நின்றால்

தமிழில் யார், எப்போது, உண்டா இல்லையா என்ற எல்லாமே கடைசியில் வரும் வினைமுற்றில்தான் உட்கார்ந்திருக்கிறது. 'போனேன்', 'போகவில்லை', 'போயிருப்பேன்'. வெட்டு விழுவது பெரும்பாலும் அதற்கு முன்னால். அதனால் நமக்குக் கையில் கிடைப்பது பெயர்களும் வேற்றுமை உருபுகளும் எச்சங்களும்தான். அவற்றை வைத்தே சொல்ல முடியும், கொஞ்சம் பழகினால்.

உருபுகள் உங்களுக்கு நிறையத் தருகின்றன. 'நான் அவனுக்குப் பணம்—' என்பதில் 'நான்' எழுவாய், 'அவனுக்கு' என்பதில் 'கு' இருக்கிறது, பணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஐ... டு ஹிம்... மனி—' என்று அதே வரிசையில் வைத்துவிட்டு நிறுத்துங்கள். கேட்க அழகாக இருக்காது. பரவாயில்லை, மூலமும் அப்படித்தான் இருந்தது. ஆங்கில இலக்கணத்தை ஒழுங்குபடுத்தப் போனீர்கள் என்றால் அந்த இடத்தில் வினை ஒன்று தேவைப்படும், அந்த வினை உங்களுடையதாக இருக்கும்.

'டு ஹிம்' என்பதில்கூட ஒரு சிறு சாய்வு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தமிழில் 'கு' உருபு 'அவனுக்காக' என்ற பொருளிலும் வரும். அவனுக்காக வேறு யாரிடமோ பணம் வாங்கியதைச் சொல்ல வந்திருந்தால் ஆங்கிலத்தில் 'ஃபார் ஹிம்' என்றுதான் வரும். இப்படி உருபே இரண்டு பக்கம் போகிற இடங்களில், துண்டைச் சொல்லிவிட்டு அது எங்கே நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதே நல்லது. எப்படி என்று கீழே வருகிறது.

எச்சத்தில் நின்றால் வேலை இன்னும் நுட்பம். எச்சம் என்ற பெயரே மீந்து நிற்பது என்றுதான் பொருள்படும், முற்றுக்காகக் காத்திருப்பது. "கதவைத் திறந்து—" என்று ஒருவர் சொல்லும்போது வெட்டப்படுகிறார் என்று வையுங்கள். 'ஐ ஓபன்ட் த டோர் அண்ட்—' என்று நான்கைந்து பேர் சொல்வார்கள், சரியாகத்தான் தோன்றும். ஆனால் அதில் இரண்டு விஷயம் கூடிவிட்டது: திறந்தது நான் என்பது, திறந்தது நடந்தது என்பது. தமிழில் 'திறந்து' என்பதில் ஆளும் இல்லை, காலமும் உறுதியாகவில்லை. "கதவைத் திறந்து வைக்கவில்லை" என்று முடிந்திருக்கலாம், "கதவைத் திறந்து பார்த்தது அவர்தான்" என்றும் முடிந்திருக்கலாம். இங்கே கைகொடுப்பது ஆங்கிலத்தின் 'இங்' வடிவம்: 'ஓபனிங் த டோர்—'. அதிலும் ஆள் இல்லை, காலம் இல்லை, தொங்கிக்கொண்டு நிற்கும். வினையெச்சத்தில் வெட்டு விழுந்தால் முதலில் இந்த வடிவத்தைத்தான் நான் எடுப்பேன்.

சொல்லின் நடுவிலேயே வெட்டு விழுவதும் உண்டு. "நான் அங்கே இருந்த்—". இது 'இருந்தேன்' ஆகலாம், 'இருந்தால்' ஆகலாம், 'இருந்தபோது' ஆகலாம், 'இருந்ததே இல்லை' ஆகலாம். சம்பவ இடத்தில் இருந்தாரா என்பதுதான் கேள்வியே என்றால் இந்த நான்குக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் தேர்' என்றீர்களானால் வழக்கில் ஒரு பக்கத்துக்கு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். இந்த மாதிரி இடத்தில் துண்டை மட்டும் சொல்லி ஒப்பேற்ற முடியாது. 'ஐ... தேர்—' என்று சொல்லிவிட்டு, மொழிபெயர்ப்பாளராக ஒரு வாக்கியம் பேச வேண்டும்.

ஒரு வழக்கை எடுத்துப் பார்ப்போம்

இந்த வேலையில் எனக்கு மிகப் பயமான இடம் 'என்று'. பேச்சுத் தமிழில் அது 'னு' ஆகி, முந்தைய சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்தவர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு, அது அடுத்தவர் சொன்னது என்பதைக் கடைசியில்தான் சொல்கிறோம். நடுவில் வெட்டினால் அடுத்தவருடைய வார்த்தை நம்முடையதாகிவிடும்.

பயிற்சிக்காக நான் கொடுக்கிற காட்சி இது. ஒரு பணப்பெட்டி காணாமல் போன வழக்கு. வழக்கறிஞர் ஆங்கிலத்தில் கேட்கிறார், பெட்டியை யார் எடுத்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? சாட்சி சொல்கிறார்: "அன்னைக்கு ராத்திரி அவன் வந்து நான்தான் எடுத்தேன்—". அந்த இடத்தில் வழக்கறிஞர் பாய்கிறார், எத்தனை மணிக்கு என்று கேட்டு.

தமிழ் தெரிந்த யாருக்கும் அது "நான்தான் எடுத்தேன்னு சொன்னான்" என்று முடியப்போகிறது என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் 'வந்து' என்பதை நாம் பேச்சில் சும்மா இழுப்பதற்கும் போடுகிறோம், "அது வந்து..." என்கிற மாதிரி. "அவன் வந்து" என்று தொடங்கி, மனசு மாறி, "நான்தான் எடுத்தேன்" என்று தன்னுடைய குற்றத்தையே ஒரு மனிதர் ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு மிகச் சிறியதாக இருக்கலாம், ஆனால் இல்லை என்று முடிவு செய்வது என் வேலை இல்லை. அது நீதிபதியின் வேலை.

இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, நல்லெண்ணத்தோடு 'சொன்னான்' சேர்ப்பது: 'ஹி கேம் அண்ட் செட்...'. சாட்சிக்கு உதவி செய்ததாகத் தோன்றும், ஆனால் சாட்சி சொல்லாத சொல் பதிவில் ஏறிவிட்டது. பின்னால் எதிர்த்தரப்பு ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டு, 'சொன்னான் என்ற சொல்லே இதில் இல்லையே' என்றால், அந்த ஒரு சொல்லோடு நீங்கள் அன்று மொழிபெயர்த்த எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகும். இரண்டாவது வழி, கேட்டதை மட்டும் முழு வாக்கியமாகச் சொல்வது, 'ஐ டுக் இட்' என்று. சொல் எதுவும் கூடாத மாதிரி தோன்றும், ஆனால் ஆங்கிலத்தில் அது முழுமையான ஒப்புதல் வாக்குமூலமாக விழுகிறது. இதுவும் இட்டுக்கட்டியதுதான், முற்றுப்புள்ளியை இட்டுக்கட்டியிருக்கிறீர்கள்.

மூன்றாவது வழியை நிதானமாகப் பாருங்கள். கையை உயர்த்துங்கள். வழக்கறிஞரின் கேள்வியைச் சாட்சிக்குச் சொல்வதற்கு முன்பே, சாட்சியின் துண்டை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: 'தட் நைட் ஹி, கமிங்... ஐ ஆம் த ஒன் ஹூ டுக்—'. 'டுக்' என்ற சொல்லில் குரல் தாழாமல் நிற்க வேண்டும். 'இட்' என்பதைச் சேர்க்க வேண்டாம், தமிழில் அவர் 'அதை' என்று சொல்லவில்லை, அதோடு 'இட்' வந்தால் ஆங்கில வாக்கியம் முடிந்துவிட்ட மாதிரி காதில் விழும். அதன் பிறகு ஒரு மூச்சு விட்டு, ஆங்கிலத்திலேயே நீதிபதியைப் பார்த்து: "கனம் நீதிபதி அவர்களே, மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். சாட்சி இடைமறிக்கப்பட்டார். இது யாருடைய கூற்று என்பதைக் காட்டும் சொல் தமிழில் வாக்கியத்தின் கடைசியில் வரும். பேச்சு அந்த இடத்துக்கு வருவதற்கு முன் நின்றது." அவ்வளவுதான். "அநேகமாக அவன் சொன்னதைத்தான் சொல்ல வந்தார்" என்று ஒரு சொல்கூடக் கூடாது. சாட்சியைத் திரும்பிப் பார்த்து "முடிங்க ஐயா" என்றும் சொல்லக் கூடாது. முடிக்கச் சொல்வதா, விடுவதா என்பதை நீதிபதி தீர்மானிப்பார். இவ்வளவும் முடிந்த பிறகு, எத்தனை மணிக்கு என்ற கேள்வியைச் சாட்சிக்குத் தமிழில் சொல்லுங்கள், அதையும் விட்டுவிடக் கூடாது.

இலக்கணம் பற்றிய அந்தக் குறிப்பைச் சொல்லவே கூடாது, துண்டைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிற அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். குறிப்பு என்பதே ஒரு தரப்புக்குச் சாய்வது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பல நீதிமன்றங்களில் எழுத்துப் பதிவில் ஏறுவது மொழிபெயர்த்த ஆங்கிலம் மட்டும்தான், என் குரல் தாழாமல் நின்றது காகிதத்தில் ஏறாது. அதனால் பொருள் தலைகீழாகக்கூடிய இடத்தில் மட்டும் சொல்லால் சொல்லி வைக்கிறேன். ஒவ்வொரு வெட்டுக்கும் இப்படி எழுந்து பேசினால் விசாரணை நகராது, அதுவும் தவறுதான். சாதாரண வெட்டுக்குத் துண்டும் நிறுத்தமும் போதும்.

குறிப்பு சொல்லும்போது 'நான்' என்று தொடங்காதீர்கள், 'மொழிபெயர்ப்பாளர்' என்று தொடங்குங்கள். மற்ற நேரமெல்லாம் நீங்கள் 'நான்' என்று சொன்னால் அது சாட்சி. உங்கள் சொந்தப் பேச்சும் 'நான்' என்று வந்தால் இரண்டும் கலந்துவிடும்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

இந்தத் திசையில் பிரச்சினை தலைகீழ். ஆங்கிலத்தில் மறுப்பும் வினையும் முதலிலேயே வந்துவிடுகின்றன, பின்னால் வர வேண்டியதுதான் வெட்டுப்படுகிறது. 'ஐ டிடின்ட் சைன் த—' என்று ஒருவர் பேசும்போது நின்றுவிட்டது. தமிழில் எதில் கையெழுத்து என்பது முதலில் வர வேண்டும், அது நம்மிடம் இல்லை. நல்ல வேளையாகப் பேச்சுத் தமிழில் நாம் வினையை முன்னால் சொல்லிவிட்டு மீதியைப் பின்னால் சேர்ப்பது வழக்கம்தான், "வந்துட்டான், அந்தப் பையன்" என்கிற மாதிரி. அதே வழியில் "நான் கையெழுத்துப் போடலை, அந்த—" என்று சொல்லி நிறுத்தலாம். இயல்பாகவும் இருக்கும், துண்டு என்பதும் தெரியும்.

அந்த 'அந்த—' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலப் பேச்சு 'அவர் சொல்லும்வரை' என்கிற மாதிரி ஒரு தொடரோடு முடியப்போயிருக்கலாம், அப்படியானால் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், தாமதமாகப் போட்டார் என்பதுதான் செய்தி. "கையெழுத்துப் போடவில்லை" என்று முற்றோடு நிறுத்தினால் முழு மறுப்பாகிவிடும். கடைசியில் தொங்குகிற அந்த ஒரு சொல்தான் வாக்கியம் முடியவில்லை என்பதைக் காட்டுகிறது.

இதைவிடக் கடினம், துணைவினையோடு வெட்டுப்படுவது. 'ஐ டிடின்ட்—' என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டது என்று வையுங்கள். தமிழில் "நான் இல்லை—" என்று சொன்னால் 'ஆள் நான் இல்லை' என்று ஆகிவிடும், அது முற்றிலும் வேறு பதில். "நான் செய்யவில்லை—" என்றால் 'செய்' என்பது உங்கள் சொல். அவர் 'பார்க்கவில்லை' என்று சொல்ல வந்திருக்கலாம். மறுப்பை வினையிலிருந்து பிரித்துத் தனியாகச் சொல்லத் தமிழில் எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. இங்கே "நான்—" என்று சொல்லிவிட்டு, "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன், அவர் மறுக்கத் தொடங்கினார், எதை மறுக்கிறார் என்று சொல்வதற்குள் பேச்சு நின்றது" என்று சொல்வதுதான் வழி. நீளம்தான். ஆனால் பொய் இல்லை.

குரலும் குறிப்பேடும்

சரியான துண்டைச் சொல்லிவிட்டும் கெடுத்துவிடலாம், குரலால். தமிழில் வாக்கியம் முடியும்போது குரல் இறங்கும். துண்டின் கடைசிச் சொல்லில் பழக்கத்தால் குரல் இறங்கினால் கேட்கிறவர் காதில் அது முழு வாக்கியம். கடைசிச் சொல்லை அதே உயரத்தில் வைத்து, இழுக்காமல், சட்டென்று நிறுத்துங்கள். இழுத்தால் பேசியவர் தயங்கினார் என்று ஆகிவிடும், அவரோ தயங்கவில்லை, வெட்டப்பட்டார். நிறுத்திய பிறகு ஒரு விநாடி அமைதி, அப்புறம் அடுத்தவர் பேச்சு. அந்த ஒரு விநாடி இல்லாமல் தொடர்ந்தால் இரண்டு பேர் பேச்சும் ஒரே ஆளுடையதாக ஒட்டிக்கொள்ளும்.

குறிப்பேட்டில் இதற்கென்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அடுத்தவர் வெட்டியதற்கு இரண்டு சாய்கோடு, தானாக விட்டதற்கு மூன்று புள்ளி, எனக்குக் கேட்காததற்கு வட்டத்துக்குள் கேள்விக்குறி போடுகிறேன். கோட்டுக்கு முன்னால் இருக்கிற கடைசிச் சொல்லை மட்டும் சுருக்காமல், உருபோடு, காதில் விழுந்தபடியே எழுதுவேன். 'அவனை'யா 'அவனுக்கா' என்பது ஐந்து நிமிடம் கழித்து யாராவது கேட்டால் நினைவில் இருக்காது. சுருக்கெழுத்தில் ஒரு அம்புக்குறி போட்டு வைத்தீர்களானால் திரும்பப் படிக்கும்போது அந்த அம்புக்குறியே ஒரு வினையாக வாயில் வந்துவிடும். எனக்கு வந்திருக்கிறது.

முடித்துச் சொல்லிவிட்டால்?

தொடங்கிய காலத்தில் ஒரு மருத்துவமனையில் எனக்கு நடந்தது. வயதான ஒரு அம்மா, தலைசுற்றல் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த மாத்திரையைச் சாப்பிட்டா—" என்றபோது டாக்டர் கணினியைப் பார்த்துக்கொண்டே வேறு ஏதோ கேட்டுவிட்டார். அதுவரை பேச்செல்லாம் தலைசுற்றல் பற்றியே இருந்ததால், அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் தலை சுற்றுகிறது என்று ஆங்கிலத்தில் முடித்துச் சொன்னேன். யோசித்துச் சொல்லவே இல்லை, தானாக வந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றுவது பற்றிப் பேசத் தொடங்கினார். அதை அம்மாவிடம் சொன்னதும் அவர் பதறிப்போய், "ஐயோ, அதைச் சாப்பிட்டாத்தான் கொஞ்சம் நல்லா இருக்கு, அதை ஏன் நிறுத்தணும்?" என்றார்.

அந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், உடனே சொல்லிவிடுவது. "டாக்டர், மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். சற்று முன் மாத்திரை பற்றி நான் சொன்னதில் ஒரு பகுதி அவர் சொன்னது இல்லை. 'அந்த மாத்திரையைச் சாப்பிட்டால்' என்பதோடு அவர் நிறுத்தப்பட்டார். தலைசுற்றும் என்பதை நான் சேர்த்துவிட்டேன்." பிறகு அதையே அந்த அம்மாவுக்கும் தமிழில் சொன்னேன், ஏனென்றால் அறையில் நடப்பது அவருக்கும் தெரிய வேண்டும். அவர் இப்போது சொன்னதை டாக்டரிடம் சொன்னேன். திருத்தும்போது எந்தச் சொல் உங்களுடையது என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "சின்னத் தவறு நடந்துவிட்டது" என்று பொதுவாகச் சொன்னால் கேட்கிறவர் எதை அழிப்பது என்று தெரியாமல் நிற்பார்.

மருத்துவமனையில் ஒரு வேறுபாடு உண்டு. நீதிமன்றத்தில் வெட்டுவது சில நேரம் வழக்கறிஞரின் உத்தி, அதில் நாம் தலையிட முடியாது. மருத்துவரோ வெட்டியதைக் கவனிக்காமலேகூட இருப்பார். அங்கே "அவர் இன்னும் முடிக்கவில்லை, டாக்டர்" என்று ஒரு வரி சொல்லலாம் என்பது என் அனுபவம், பெரும்பாலும் அவர்களே திரும்பிக் கேட்பார்கள்.

இன்னொன்று, வெட்டுப்பட்டவர் பின்னால் பேச்சைத் தொடரும்போது நீங்களாகப் பழைய துண்டோடு ஒட்டவைக்காதீர்கள். மேலே சொன்ன பணக் கதையில் சாட்சி சில நிமிடம் கழித்து "கொடுக்கவே இல்லை" என்று மட்டும் சொன்னால், 'அவனுக்குப் பணம்' என்பதை நினைவில் இருந்து எடுத்துச் சேர்க்கத் தோன்றும். அவர் இப்போது வேறு எதையோ கொடுக்காததைப் பற்றிப் பேசலாம். ஆங்கிலத்தில் என்ன கொடுக்கவில்லை என்பது வேண்டியிருக்கிறது என்றால், அவர் சொல்லவில்லை என்பது தெரியும்படி திறந்தே வையுங்கள், தெளிவு வேண்டியவர் கேட்டுக்கொள்வார்.

ஹெட்போனில் வேலை செய்தால்

கூடவே பேசுகிற வேலையில் பேசுபவருக்கும் நமக்கும் இடைவெளி சாதாரணமாக 2 முதல் 4 விநாடி வரை இருக்கும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது வினைக்காக முழுசாகக் காத்திருக்க முடியாது, கொஞ்சம் ஊகித்துத்தான் ஓட வேண்டியிருக்கும். அது இந்தத் தொழிலில் ஏற்றுக்கொண்ட முறைதான். ஆனால் ஊகித்த வினையைச் சொல்லிவிட்ட பிறகு பேச்சு வெட்டுப்பட்டால், அந்த வினையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மைக்கில் உடனே "வினை சொல்லப்படவில்லை, பேச்சு இடைமறிக்கப்பட்டது" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் போங்கள். வாக்குவாதம் சூடாகிறது, ஒருவரை ஒருவர் வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்தால் ஊகிப்பதைக் குறைத்து, 'இது சம்பந்தமாக', 'அவரைப் பொறுத்தவரை' என்கிற மாதிரி எந்தப் பக்கமும் சாயாத தொடக்கங்களில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

பழகுவதற்கு

இரண்டு பேர் வாதிடுகிற தமிழ் ஒலிப்பதிவு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு நண்பரைக் கண்ட இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், சொல்லின் நடுவில் உட்பட. நிறுத்திய இடம் வரை ஆங்கிலத்தில் சொல்லி அதைப் பதிவு செய்யுங்கள். பிறகு இரண்டையும் கேட்டு, ஆங்கிலத்தில் இருக்கிற ஒவ்வொரு வினைக்கும், ஆளுக்கும், காலத்துக்கும், 'இல்லை'க்கும் தமிழ்த் துண்டில் எந்த எழுத்து ஆதாரம் என்று விரல் வைத்துக் காட்டிப் பாருங்கள். காட்ட முடியாதது நீங்கள் சேர்த்தது. அதன் பிறகு ஒலிப்பதிவை ஓடவிட்டு அவர் உண்மையில் எப்படி முடித்தார் என்றும் கேளுங்கள். உங்கள் ஊகம் சரியாக இருந்த இடங்களிலும் சேர்த்ததைச் சேர்த்ததாகவே கணக்கில் எழுதுங்கள்.